நெட்டையர் வீட்டார் ஏறிப் பார்த்தது

நெட்டையரைத் தேடி வெளியூர் ஆள் யாராவது பட்டறைக்கு வந்தால் வாசலிலேயே ஒரு வேடிக்கை நடக்கும். "நெட்டையர் இருக்காருங்களா?" என்று கேட்பார்கள். "நான்தான், சொல்லுங்க" என்று ஐந்தடி இரண்டு அங்குலத்தில் ஒருவர் முன்னால் வந்து நிற்பார். வந்தவர் அவர் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, "இல்லீங்க, பெரியவரு..." என்று இழுப்பார். நாற்பது வருஷமாக இதே கூத்துதான். நெட்டையருக்கும் அலுக்கவில்லை, வருகிறவர்களுக்கும் புத்தி வரவில்லை.

உண்மையில் நெட்டை அவருடைய தாத்தா. ஆறடி நாலங்குலம், அதற்கேற்ற உடம்பு. மர ஏணி செய்து விற்றவர். ஒவ்வொரு ஏணியையும் விற்கிறதுக்கு முன்னால் தானே மேலே ஏறி நின்று, ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு இறங்குவார். 'இந்த மனுஷனையே தாங்குது, நம்மளத் தாங்காதா' என்று ஊர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியது. பட்டப்பேர் ஏணிக்கு வந்தது, ஏணியிலிருந்து வீட்டுக்கு வந்தது, வீட்டிலிருந்து வாரிசுகளுக்கும் வந்தது. உயரம் மட்டும் யாருக்கும் வரவில்லை.

மரம் போய் அலுமினியம் வந்தது. ஆணி போய் ரிவெட் வந்தது. ஏறிப் பார்க்கிற வழக்கம் மட்டும் போகவில்லை. பட்டறையில் செய்து முடித்த ஒவ்வொரு ஏணியிலும் வீட்டு ஆள் ஒருவர் ஏறுவார், ஒவ்வொரு படியிலும் ஒரு அழுத்து அழுத்துவார், இறங்கி வந்து மஞ்சள் லேபிளை ஒட்டுவார். 'நெட்டையர் வீட்டார் ஏறிப் பார்த்தது' என்று அதில் அச்சடித்திருக்கும். ஊரில் எந்த எலக்ட்ரீஷியனும் பெயின்டரும் வேறு ஏணியில் கால் வைக்க மாட்டான். கடைக்காரர் விலை குறைந்த ஏணியை எடுத்துக் காட்டினால், "அதுல யாருங்க ஏறிப் பார்த்தது?" என்று ஒரே கேள்வி கேட்பான். கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு மஞ்சள் லேபிளை எடுத்து வருவார். விளம்பரத்துக்கென்று இந்த வீடு ஒரு நோட்டீஸ்கூட அடித்ததில்லை.

இப்போது ஏறுவதற்கு வீட்டில் இரண்டே பேர். ஒருவர் நெட்டையர், வயது அறுபத்தேழு, வலது முழங்கால் தகராறு. இன்னொருத்தி அவருடைய மகள். முப்பத்துநாலு வயதாகியும் பட்டறை முழுக்க அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடும். அண்ணன்காரன் கடல் தாண்டிப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டான். பாப்பாவின் கணவன் பட்டறையின் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறான், கெட்டிக்காரன்; ஆனால் நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். ஏணிப் பட்டறைக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்த்ததை ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான், பாவம், வேறு என்ன செய்வான்.

நெட்டையருக்கு ஒரே ஒரு ஆசை. "நான் போய்ச் சேர்றதுக்குள்ள நம்ம பேரு நாலு ஊர்ல தெரியணும் பாப்பா. வெளியூர் பஸ்ஸ விட்டு இறங்கினா, ஏதாவது ஒரு கடை வாசல்ல 'நெட்டையர்'னு போட்டிருக்கணும். அத ஒரு தடவ பார்த்துட்டாப் போதும்" என்பார். சாப்பிடும்போது சொல்வார், முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது சொல்வார். பாப்பா கேட்டுக் கேட்டு, அது அவளுடைய ஆசையாகவே ஆகிப்போயிருந்தது. அப்பாவுக்கு அதை எப்படியாவது காட்டிவிட வேண்டும். அதற்காக அவள் எதையும் செய்யத் தயார், அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

முதலில் பேரைப் பதிவு செய்யலாம் என்று ஒரு டிரேட்மார்க் வக்கீலிடம் போனாள். அவர் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பேருதான்மா. ஆனா ரெண்டு சிக்கல். ஏணிக்கு 'நெட்டை'ன்னு பேரு வெச்சா, ஏணி உயரம்னு சொல்றீங்கன்னு ஆட்சேபணை வரும். அடுத்தது, இது குடும்பப் பேரு. உங்க பங்காளி ஒருத்தர் நாளைக்கு நேர்மையாவே தன் பேருல ஸ்டூல் செஞ்சு வித்தா, சுலபமா தடுக்க முடியாது."

"எழுபது வருஷமா எங்க ஏணியத்தான சார் அந்தப் பேரச் சொல்லி வாங்குறாங்க?"

"அத நிரூபிச்சா பதிவு கிடைக்க வாய்ப்பிருக்கு. பில்லு, கடைக்காரங்க கடிதம் எல்லாம் கொண்டாங்க. ஆனா எல்லாம் ஒரே ஊர் பில்லா இருக்குமே? இந்த ஊரத் தாண்டி இது யாருக்குத் தெரியும்?"

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. சரி, தாண்டிக் காட்டுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

நாற்பது கிளை வைத்திருக்கும் ஒரு வீட்டுச்சாமான் கடைக்கு மாப்பிள்ளை ஆறு மாதம் நடையாய் நடந்தான். கடைசியில் அங்கே கொள்முதலைப் பார்க்கிற மேடம் இறங்கி வந்தார். மூன்று வாரத்தில் முந்நூறு ஏணி, பன்னிரண்டு கிளையில் வைத்துப் பார்ப்போம். சரக்கு கிளம்புகிறதுக்கு முன்னால் நானே பட்டறைக்கு வந்து பார்வையிடுவேன். பிடித்திருந்தால் நாற்பது கிளைக்கும் என்றார். செய்தி கேட்டதும் நெட்டையர் முழங்காலை மறந்து எழுந்து நின்றார். பட்டறைக்கே டீ வாங்கிக் கொடுத்தார், இரண்டு தடவை.

கணக்குப் போட்டபோதுதான் பாப்பாவுக்குச் சிக்கல் புரிந்தது. வழக்கமாக ஒரு நாளைக்கு இருபது ஏணி. இனிமேல் முப்பத்தைந்துக்குக் குறையாது. கூட ஆள் போட்டு, ரிவெட் மெஷினை இன்னும் நாலு மணி நேரம் ஓட்டி, ஏணியைச் செய்துவிடலாம். ஏறுவது யார்? ஒரு ஏணிக்கு எட்டுப் படி. முப்பத்தைந்து ஏணிக்கு ஏற இருநூற்றெண்பது, இறங்க இருநூற்றெண்பது. அப்பாவின் முழங்கால் பத்து ஏணியிலேயே முனகும். மீதி முழுக்க அவள் தலையில். மாமியார் வழியில், மாமனார் வழியில் யாராவது ஏறுவார்களா என்றுகூட யோசித்துப் பார்த்தாள். அவர்கள் நெட்டையர் வீட்டார் இல்லையே. ஒரு பேரை ஊர் நம்புகிறது என்றால் அதற்கு இத்தனை முழங்கால் வேண்டியிருக்கிறது.

முதல் வாரம் சமாளித்தாள். இரண்டாம் வாரம் கெண்டைக்கால் இரும்பாகிவிட்டது, படுக்கையில் புரண்டால் 'அம்மா' என்றாள். பத்தாம் நாள் அப்பா டாக்டரிடம் போயிருந்த நேரத்தில், பதினெட்டு வருஷமாகப் பட்டறையில் இருக்கிற ரிவெட்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த அடுக்குல நீங்க ஏறிப் பார்த்துடுங்க."

"நானா? லேபிள்ல வீட்டார்னு போட்டிருக்கே பாப்பா."

"பதினெட்டு வருஷம் ஆச்சு, நீங்க வீட்டு ஆள் இல்லாம வேற யாரு? ஏறுங்கண்ணே."

சொன்னபோது அது அவளுக்கே நியாயமாகத்தான் பட்டது. ரிவெட்காரரும் குறை வைக்கவில்லை. எண்பத்தைந்து கிலோ உடம்போடு ஒவ்வொரு படியையும் நிதானமாக அழுத்திப் பார்த்தார். ஆனால் அவள் செய்த முட்டாள்தனம் வேறு. அவசரத்தில் மஞ்சள் லேபிளை முதலிலேயே ஒட்டச் சொல்லிவிட்டாள். தான் ஏறியது, அவர் ஏறியது, யாருமே இன்னும் ஏறாதது எல்லாம் ஒரே லேபிளோடு ஒரே அடுக்கில் கலந்து கிடந்தன. அந்த அடுக்கிலிருந்தே உள்ளூர்க் கடைக்கும் இருபது போய்விட்டது.

ஊர்க் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மறுநாள் காலையிலேயே பெயின்டர் மேஸ்திரி வந்துவிட்டார். நேற்று அந்தக் கடையில் வாங்கிய மூன்று ஏணியையும் வண்டியிலிருந்து இறக்கி முற்றத்தில் சாத்தினார்.

"நெட்டையரே, இதுல யாரு ஏறினது?"

"யாரு ஏறுவா? நானோ பாப்பாவோதான்."

"நேத்து வெளிச்சுவர் ஓரமா போனேன். உங்க ரிவெட்காரர் ஏறிக்கிட்டிருந்தாரு. அவரு நல்ல மனுஷன், அவர் மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நான் தினம் பத்துப் பேர உங்க ஏணியில ஏத்துறவன். லேபிள்ல ஒண்ணு போட்டு, ஏறுறது இன்னொருத்தரா இருந்தா, மத்ததெல்லாம் எப்படி நம்புறது? நான் அலுமினியமா வாங்கினேன்? உங்க வார்த்தையத்தான வாங்கினேன்."

நெட்டையர் மகளைப் பார்த்தார். பாப்பா பொய் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. "எது நான் ஏறினது, எது ஏறாததுன்னு தெரியாதுப்பா. கலந்துபோச்சு" என்றாள்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடைக்குப் போன இருபதில் மீதி இருந்ததையும் திருப்பி எடுத்து வரச் சொன்னார். செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார், அடுக்கின் முதல் ஏணியை விரித்து வைத்து ஏற ஆரம்பித்தார். முழங்காலுக்குக் கட்டுப் போட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

"அப்பா, வேண்டாம்ப்பா. நான் ஏறுறேன்."

"நீ அந்தப் பக்க அடுக்குல ஏறு. இது என் பேரு."

அப்பாவும் மகளும் முறைத்துக்கொண்டு முற்றத்தின் இரண்டு மூலையில் ஏறி இறங்கினார்கள். நான்கு வேலையாட்கள் விரித்துக் கொடுத்தார்கள், மாப்பிள்ளை லேபிளில் பேனாவால் டிக் போட்டான். பெயின்டர் மேஸ்திரி கிளம்பவில்லை. ஒரு டப்பா மேல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். நெட்டையருடைய முப்பத்தொன்றாவது ஏணியில்தான் அது நடந்தது. ஆறாம் படியில் நின்று அழுத்தினார். முழங்கால் 'டொக்' என்றது. அப்படியே பூட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை, இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பாப்பா அந்தக் கோடியில் ஏணி மேல் இருந்தாள். பக்கத்தில் நின்றது மாப்பிள்ளைதான்.

"மாப்ளே," என்றார் நெட்டையர், ரொம்ப மரியாதையாக, "கொஞ்சம் வரீங்களா?"

"எங்க மாமா?"

"எங்கன்னா? மேலதான்!"

அவன் ஏணியைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், பேனாவைச் சட்டைப்பையில் சொருகினான். இரட்டைக் கால் ஏணி. மறுபக்கமும் படி உண்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தப் பக்கமாக ஏறினான். ஒவ்வொரு படிக்கும் "ஐயோ" என்று ஒரு தடவை சொன்னான். எதிரும் புதிருமாக மாமனார் முகத்துக்கு நேரே போய் நின்று, கண்ணைத் திறக்காமலே அவர் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

"பிடிச்சுட்டேன் மாமா. இப்ப நான் எப்படி இறங்குறது?"

கொள்முதல் மேடம் சரியாக அந்த நேரத்தில்தான் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். ஒரு ஏணி, அதன் மேல் இரண்டு ஆண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு, கீழே டப்பா மேல் ஒரு ஆள் "முப்பத்தொண்ணு" என்கிறார். மேடம் கையிலிருந்த ஃபைலை மெதுவாக மூடினார்.

"இது என்ன டெஸ்ட்?" என்று கேட்டார்.

ரிவெட்காரரும் இன்னொருவரும் ஏறி இரண்டு பேரையும் ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். ஏணி ஒரு முனகல்கூட முனகவில்லை, அதையாவது சொல்ல வேண்டும். நெட்டையரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டான், அவனுக்குத் தரைதான் வேண்டியிருந்தது.

பாப்பா மேடத்திடம் எதையும் மறைக்கவில்லை. லேபிள் கதை, ரிவெட்காரர் கதை, கலந்துபோன அடுக்கு, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். ஆர்டர் போனது போனதுதான் என்ற முடிவுக்கே வந்துவிட்டாள்.

மேடம் மஞ்சள் லேபிளைத் தடவிப் பார்த்தார். "நான் ஒண்ணு கேக்கலாமா? எங்க கிளை இருக்குற ஊர்கள்ல, நெட்டையர்னா யாருன்னு கேப்பாங்க. அதுக்கு என் சேல்ஸ் ஆளுங்க என்ன சொல்றது?"

"இந்த ஊர்ல பெரிய பேருன்னு..."

"இந்த ஊரே எதுன்னு அவங்களுக்குத் தெரியாதேம்மா. உங்க பேரு இங்க தங்கம். அங்க அது வெறும் எழுத்து. அவங்க பார்க்குறது எத்தனை கிலோ தாங்கும், எத்தனை வருஷம் வாரன்டி, யாரு டெஸ்ட் பண்ணினது, அவ்வளவுதான். மாசம் ஆயிரம் கேட்டா இந்த லேபிள் பொய்யாயிடும். உண்மையாவே வெச்சுக்கிட்டா உங்கப்பா கால் போயிடும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க கடைப் பேரப் போட்டு வேணா குடுங்க, நாளைக்கே எடுத்துக்கறேன்."

"அது உங்க ஏணி ஆயிடும் மேடம். எங்க பேரு எங்கயும் இருக்காது."

"அப்ப வேற ஒரு பேரு யோசிச்சிட்டு வாங்க. ஒரு மாசம் தரேன்." போகும்போது அந்த முப்பத்தொன்றாவது ஏணியை மட்டும் சாம்பிளுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாப்பாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அப்பா, உங்க பேரு வெளியூர் போகாதுப்பா. இழுத்துட்டுப் போனா இங்கயும் செத்துடும். 'நெட்டையர்' இந்த ஊருக்கு மட்டும் இருக்கட்டும், ஒரு நாளைக்குப் பதினஞ்சே பதினஞ்சு, நான் ஒருத்தியே ஏறுறேன். வெளியூருக்கு வேற பேரு வெப்போம்."

"என்ன பேரு?"

பாப்பா கணவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். "கொக்கு," என்றான்.

"என்னது?"

"கொக்கு மாமா. சாயங்காலமே வக்கீல்கிட்ட போன்ல கேட்டேன், பதிவு பண்றது சுலபம்னாரு. ஏணிக்கும் கொக்குக்கும் நேரடி சம்பந்தமில்ல, யாரோட குடும்பப் பேரும் இல்ல, எந்த ஊருக்காரனும் வந்து என்னுதுன்னு சொல்ல மாட்டான்."

"எங்க தாத்தா பேர எடுத்துட்டுக் கொக்கா வெக்கிறீங்க? கொக்கு!" நெட்டையர் கையை உதறிவிட்டு எழுந்தார். இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேச்சில்லை. மூன்றாம் நாள் பெயின்டர் மேஸ்திரி வந்து, எல்லா ஏணியிலும் ஏறி முடித்தாயிற்றா என்று விசாரித்து, தன் மூன்று ஏணியையும் எடுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில், "பதினஞ்சு மட்டும்தானாமே? என் ஆளுங்களுக்கு ஆறு எழுதி வெச்சுக்கங்க" என்றார். அதற்குப் பிறகுதான் நெட்டையர் மகளிடம் வாய் திறந்தார். "அந்தக் கொக்கு லேபிள்ல என்ன போடப் போற?" என்று கேட்டார்.

லேபிள் நீலமாக வந்தது. ஒரு கொக்குப் படம், தாங்கும் எடை, ஐந்து வருஷ வாரன்டி. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஏணிகளை எடுத்து எடை ஏற்றிப் பார்க்கப் பாப்பா ஒரு மேடை போட்டாள். அதோடு நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'ஏறிப் பார்த்தவர்:' என்று போட்டு ஒரு கோடு. யார் ஏறினாலும் சரி, ஏறியவர் தன் சொந்தப் பேரைத் தன் கையாலேயே எழுத வேண்டும். வீட்டார் என்று யாரையும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ரிவெட்காரர் முதல் லேபிளில் பேர் எழுதிவிட்டு, அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் செய்த எந்தச் சாமானிலும் அவர் பேர் இருந்ததில்லை.

மேடம் முந்நூறுக்கும் ஒப்புக்கொண்டார். முதல் லாரி கிளம்பும் நாள், டாக்டர் நெட்டையருக்கு ஒரே ஒரு ஏணிக்கு அனுமதி கொடுத்திருந்தார், அதுவும் மூன்று படிதான்.

அவர் மஞ்சள் அடுக்குப் பக்கம் போவார் என்று பாப்பா நினைத்தாள். நேராக நீல அடுக்குக்குப் போனார். மூன்று அடி உயரச் சின்ன ஏணி ஒன்றை எடுத்து விரித்து, மெதுவாக ஏறினார். மூன்று படியையும் அழுத்தினார், ஒரு குலுக்குக் குலுக்கினார், இறங்கினார். மாப்பிள்ளையிடம் கை நீட்டிப் பேனாவை வாங்கினார். கோட்டின் மேல் எழுத ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தி, ஒரு தடவை யோசித்து, மறுபடி எழுதினார். அப்புறம் முகம் கழுவப் போய்விட்டார்.

பாப்பா குனிந்து பார்த்தாள். 'நெட்டையர்' என்று இல்லை. அவருக்கு அவருடைய அப்பா அம்மா வைத்த பேர் இருந்தது. பாப்பாவின் பேருக்கு முன்னால் இத்தனை வருஷமாக ஒற்றை எழுத்தாக நிற்கிற பேர். அதை அவர் முழுசாக எழுதி அவள் பார்த்ததே இல்லை. பழக்கம் விட்டுப்போன கை, எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

ஏணியை லாரியில் ஏற்ற வந்த ரிவெட்காரர் லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தார். "யாரு பாப்பா இது? நம்ம பட்டறையில இந்தப் பேருல யாரும் இல்லையே. புது ஆளா?"

பாப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாண்ணே," என்றாள். "இன்னிக்குத்தான் சேர்ந்தாரு."